கார்டை பிளாக் செய்தால் புகார் கொடுத்ததாக ஆகாது: 38,400 ரூபாயைக் காப்பாற்றிய ஒரு வரி

கணக்கிலிருந்து பணம் போனதும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு கார்டை பிளாக் செய்துவிட்டு, புகாரும் பதிவாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பல வங்கிகளில் அப்படிப் பதிவாவதில்லை. கார்டை முடக்குவது ஒரு கோரிக்கை, ‘இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை’ என்பது வேறொரு கோரிக்கை. இரண்டுக்கும் எண் தனித்தனி.

தாம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 1, வெள்ளி இரவு 9:12க்கு, வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் அவருடைய டெபிட் கார்டில் 38,400 ரூபாய் போனதாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்தத் தளம் ஓடிபி கேட்கவே இல்லை. அவர் போனில் பேலன்ஸ் இல்லாததால் மகனின் போனிலிருந்து 9:31க்கு வங்கியை அழைத்தார். எதிர்முனையில் பேசிய பெண் பிறந்த தேதியெல்லாம் கேட்டுச் சரிபார்த்து, “கார்டை பிளாக் பண்ணிட்டேன் சார், கவலைப்படாதீங்க” என்றார். சரி, பணம் தானாகத் திரும்பி வரும் என்று ஆசிரியர் காத்திருந்தார்.

புதிய கார்டு வாங்க ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை கிளைக்குப் போனபோதுதான் புகாரே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கே படிவம் எழுதிக் கொடுத்தார். வந்த பதில்: ‘புகார் 8ஆம் வேலை நாளில் வந்துள்ளது, முழுத் தொகை தர இயலாது.’

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். அப்போது அமலில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் பணம் போயிருந்து, 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இழப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். 7ஐத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். குறுஞ்செய்தி வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளையும் 9ஆம் தேதி வந்த இரண்டாம் சனியையும் கழித்தால், 12ஆம் தேதி சரியாக 8ஆவது நாள். வங்கி எண்ணியதில் பிழையில்லை, எண்ண எடுத்துக்கொண்ட புகார் தேதிதான் பிழை.

“1ஆம் தேதியே போனில் சொன்னேன்” என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். அவருடைய பதிவு செய்த எண்ணை வைத்து ஒலிப்பதிவைத் தேடினார்கள், எதுவும் இல்லை. இருக்காது, அழைப்பு போனது மகனின் எண்ணிலிருந்து. ஆனால் பேசிய ஊழியர் எழுதும் குறிப்பு போன் எண்ணின் கீழ் அல்ல, வாடிக்கையாளர் கணக்கின் கீழ் உட்காரும். மகனின் போனில் இருந்த அழைப்பு நேரத்தைக் காட்டி, அந்த இரவின் குறிப்பை எடுக்கச் சொன்னார். இப்படி இருந்தது:

```
CX DENIES TXN 38400 01AUG 2112, NO OTP SHARED, CARD BLKD
```

அதாவது, ஆகஸ்ட் 1 இரவு 9:12க்குப் போன 38,400 ரூபாயைத் தான் எடுக்கவில்லை என்று வாடிக்கையாளர் மறுக்கிறார், ஓடிபி பகிரவில்லை, கார்டு முடக்கப்பட்டது. அழைப்பு முடிந்து அடுத்த அழைப்பு விழுவதற்குள் சில நொடிகளில் அடித்து முடிக்க வேண்டிய வரி இது. அவசரத்தில் பெரும்பாலோர் `CARD BLKD, INFORMED` என்று முடித்துவிடுவார்கள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, கார்டு தொலைந்தாலும் அதே வரிதான். இந்தப் பெண் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொகையையும் நேரத்தையும் அடித்து வைத்திருந்தார். ‘மறுக்கிறார்’ என்ற சொல் இருந்ததால், பணம் போன 19ஆவது நிமிடமே வங்கிக்குத் தகவல் போய்விட்டது உறுதியானது. ஓடிபி பகிரவில்லை என்பதும் அன்றைக்கே சொல்லப்பட்டது என்றானது. குறிப்பிலிருந்த ஊழியர் எண்ணை வைத்துத் தேடியபோது ஒலிப்பதிவும் கிடைத்தது. புகார் தேதி 1 என்று திருத்தப்பட்டு, பணம் தற்காலிக வரவாகக் கணக்கில் ஏறியது. முறைப்படி, புகார் சொன்னதிலிருந்து 10 வேலை நாளுக்குள் ஏற வேண்டியது அது.

அந்தப் பெண்ணிடமும் குறை உண்டு. அழைப்பின் வகையில் ‘கார்டு முடக்கம்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, புகார் டிக்கெட்டைத் திறக்காமல் விட்டார். கீழே எழுதிய வரி சரி, மேலே தேர்ந்தெடுத்த வகை தவறு. வங்கி முதலில் பார்த்தது வகையை மட்டும்தான்.

ஆகவே கார்டு பிளாக் ஆனதும் போனை வைத்துவிடாதீர்கள். “இந்தப் பணத்தை நான் எடுக்கலைன்னு தனியா புகார் போடுங்க, அந்த எண்ணைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பிளாக் செய்ததற்கு வரும் குறுஞ்செய்தியில் உள்ள எண் அது இல்லை. பிறகு, “என் அழைப்பைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க” என்று கேளுங்கள். தொகை, நேரம், ‘மறுக்கிறார்’ மூன்றும் இல்லையென்றால் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அதே வாசகத்தை அன்றிரவே வங்கிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் அழைத்துச் சொல்லுங்கள், ஆனால் அது வங்கியில் கொடுக்கும் புகாருக்கு ஈடாகாது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ `cms.rbi.org.in` தளத்தில், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே போகும்போது அழைப்பு நேரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். யார் போனிலிருந்து அழைத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.