ஹூட் மெஷினும் மூன்று தொட்டியும்: கோவை ஹோட்டல் சமையற்கட்டில் சில வருட அனுபவம்

கோவை புறநகரில் சைவ ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். தட்டு, டம்ளர், கிண்ணம் கழுவ ஹூட் டைப் மெஷின் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மூன்று தொட்டிக் கழுவலையும் நாங்கள் விடவில்லை. வாங்க யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பது விலையையும் கரண்ட் பில்லையும்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: "பாய்லர் எத்தனை கிலோவாட்?"

மெஷினுக்குள் இரண்டு தண்ணீர் இருக்கிறது. கீழே உள்ள டேங்கில் சோப்புத் தண்ணீர், 55 முதல் 65 டிகிரி வரை. அதுவே திரும்பத் திரும்பச் சுழன்று எச்சிலை எடுக்கும். கடைசியில் பாய்லரிலிருந்து ஏறக்குறைய மூன்று லிட்டர் புதுத் தண்ணீர் 82 முதல் 85 டிகிரியில் அடித்து அலசும். கிருமி சாவது இந்தக் கடைசி அலசலில்தான். தட்டின் மேற்பரப்பு 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது கணக்கு.

எங்கள் மெஷினில் பாய்லர் 6 கிலோவாட். "ஒரு நிமிடத்துக்கு ஒரு ராக்", அதாவது தட்டு அடுக்கிய ஒரு கூடை, என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். மூன்று லிட்டரை 28 டிகிரியிலிருந்து 85க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 720 கிலோஜூல். 6 கிலோவாட் ஹீட்டருக்கு அதற்குச் சரியாக இரண்டு நிமிடம் ஆகும். ராக்கை ஏற்றி இறக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நிமிட சைக்கிளுக்கு அது போதவே போதாது. பாய்லரில் சேமிப்பு இருப்பதால் முதல் சில ராக்குகள் நன்றாக வரும். காலை டிபன் கூட்டத்தில் ராக் மேல் ராக்காகப் போனால் ஐந்தாவது, ஆறாவதில் அலசும் தண்ணீர் 70க்கும் கீழே இறங்கிவிடும். விலை கூடிய மெஷின்களில் பாய்லர் சூடாகும் வரை சைக்கிளை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. எங்களுடையதில் அது கிடையாது. பச்சை விளக்கு எப்போதும் போல எரியும்.

இதை முதலில் கவனித்தது பாத்திரம் கழுவும் அக்காதான். "ஏனுங்ண்ணா, முதல்ல எடுத்த தட்டு கையைச் சுட்டுதுங்க, இப்ப எடுத்தது வெதுவெதுன்னு இருக்குதுங்களே" என்றார். 71 டிகிரியில் கறுப்பாக மாறும் ஸ்டிக்கரைத் தட்டில் ஒட்டி உள்ளே அனுப்பினோம். முதல் ராக்கில் கறுத்தது, கூட்ட நேரத்து ராக்கில் வெள்ளையாகவே வந்தது. அவர் கை சொன்னது சரி.

தீர்வு மொட்டைமாடியிலேயே இருந்தது. சோலார் ஹீட்டர் தண்ணீரைப் பாய்லருக்கு இணைத்தோம். உள்ளே வரும் தண்ணீர் 55 டிகிரி என்றால் 30 டிகிரி ஏற்றினால் போதும், 63 நொடியில் தயார். மழைக்காலத்தில் சோலார் சூடு இறங்கும்போது 120 நொடி சைக்கிளுக்கு மாற்றிவிடுகிறோம். ஸ்டிக்கர் சோதனையை வாரம் ஒரு முறை, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது செய்கிறோம். காலியான நேரத்தில் செய்தால் எந்த மெஷினும் பாஸாகிவிடும்.

அடுத்தது மருந்து அளவு. எங்கள் டேங்க் 40 லிட்டர், லிட்டருக்கு 2 கிராம் டிடர்ஜென்ட், ஆகத் தொடக்கத்தில் 80 கிராம். ஒவ்வொரு ராக்கிலும் அலசிய மூன்று லிட்டரும் டேங்கில் விழுந்து சோப்பை நீர்க்கச் செய்யும். அதனால் ராக்குக்கு 6 கிராமை டோசர் பம்ப் தானாகச் சேர்க்க வேண்டும். அந்தப் பம்பின் உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய், உருளை அதை அழுத்தி அழுத்தி மருந்தைத் தள்ளும். நாளாக ஆகக் குழாய் சப்பையாகிவிடும். சத்தம் வழக்கம்போல வரும், மருந்து மட்டும் குறைந்துபோகும்.

ஒரு சமயம் எவர்சில்வர் தட்டில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிய ஆரம்பித்தது. சர்வீஸுக்கு வந்தவர் "போர் தண்ணீர் உப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் சிறுவாணித் தண்ணீர் வராது, கடினமான போர் தண்ணீர்தான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உப்புப் படலம் என்றால் வினிகரில் தேய்த்ததும் கரைந்துவிட வேண்டும். கரையவில்லை. மெடிக்கலில் டிங்சர் அயோடின் வாங்கித் தண்ணீரில் கலந்து தட்டின் மேல் ஒரு துளி விட்டேன். பழுப்பாக விழுந்த துளி விளிம்பிலிருந்து கருநீலமாக மாறியது. அது மாவு. இட்லி, தோசை, சாதத்தின் ஸ்டார்ச் சரியாகக் கழுவப்படாமல் தட்டு தட்டாகப் படிந்திருக்கிறது. டோசர் குழாயை மாற்றினோம், பழைய தட்டுகளைக் கூடுதல் டிடர்ஜென்ட்டில் ஊறவைத்து எடுத்தோம், படலம் போயிற்று. இப்போது டிடர்ஜென்ட் கேனில் தினமும் மட்டத்தைக் கோடு போட்டு வைக்கிறோம். ஓடிய ராக்குக்கு ஏற்ப மட்டம் இறங்காவிட்டால் குழாயைப் பார்க்க வேண்டிய நேரம்.

வினிகரில் கரையும் படலம் வந்தால், தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் பக்கம் போக வேண்டும். உப்பு போட்டு ரீஜெனரேட் செய்யத் தவறினால் பாய்லர் காயிலில் சுண்ணாம்பு ஏறும், சூடாக நேரம் கூடும், முதலில் சொன்ன சிக்கல் திரும்பிவிடும். சோலார் இணைப்பவர்கள் சாஃப்ட்னரைச் சோலாருக்கு முன்னால் வையுங்கள். சாதாரண சாஃப்ட்னரின் டேங்குக்கும் வால்வுக்கும் சுடுதண்ணீர் ஆகாது.

இவ்வளவு இருந்தும் மூன்று தொட்டி ஏன்? இட்லித் தட்டுகளுக்காக. எங்களுடையவை அலுமினியம். மெஷின் டிடர்ஜென்ட்டில் இருக்கும் காஸ்டிக் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும். பெரிய அண்டாக்கள் ஹூட்டுக்குள் நுழையாது. கரண்ட் போனாலும் கை கொடுப்பது தொட்டிதான்.

முதல் தொட்டியில் 45 டிகிரித் தண்ணீர், கைக்கு ஆகும் சாதாரண லிக்விட். கை தாங்கும் சூடு என்று நினைத்துக்கொண்டே ஆறவிடுகிறார்கள், அதனால் தெர்மாமீட்டரைத் தொட்டி ஓரத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இரண்டாவதில் நல்ல தண்ணீர். எல்லோரும் அவசரத்தில் விடுவது இதைத்தான். சோப்பும் சோற்றுப் பசையும் மூன்றாம் தொட்டிக்குப் போனால் அங்கே உள்ள குளோரினைத் தின்றுவிடும்.

மூன்றாவதில் 50 லிட்டர் தண்ணீர், 100 பிபிஎம் குளோரின். 4 சதவீத ஹைப்போகுளோரைட்டில் 125 மில்லி. சுடுதண்ணீர் வேண்டாம், குளோரின் ஆவியாகிப் போகும். ஒரு நிமிடம் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுகிறோம். இரவு முழுக்க ஊறவிடக்கூடாது, எவர்சில்வரில்கூடப் புள்ளி விழும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் 50க்கு இறங்கினால் தண்ணீரை மாற்ற வேண்டும். கேனில் எழுதியிருக்கும் சதவீதத்தை மட்டும் நம்ப முடியாது. சித்திரை வெயிலில் ஷெட்டில் கிடந்த கேனிலிருந்து அதே 125 மில்லி ஊற்றியும் ஸ்ட்ரிப் 50தான் காட்டியது. அதிலிருந்து சின்ன கேனாக வாங்கி, இருட்டான இடத்தில் வைக்கிறோம்.

மெஷினின் சுண்ணாம்பு எடுக்கும் ஆசிட் கேனும் ஹைப்போ கேனும் எங்களிடம் வேறு வேறு அறையில் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கழுவுமிடத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும். ஆசிட் ஓடும் நாளில் மூன்றாம் தொட்டித் தண்ணீரை முன்பே வடித்து, தொட்டியை அலசிவிட்ட பிறகுதான் வால்வைத் திறக்கிறோம்.