ஜெட் தொட்டியின் உட்குழாய்களுக்கு எது சரி: வினிகரா, பிளீச்சா, டிஷ்வாஷர் தூளா?

ஜெட் குளியல் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் பரப்பைத் துடைப்பது எளிது. சிக்கல் முழுவதும் அதன் சுவருக்குப் பின்னால் ஓடும் குழாய்களில் இருக்கிறது. பம்ப், உறிஞ்சுவாய் வழியாகத் தொட்டியின் நீரை இழுத்து ஒவ்வொரு ஜெட்டுக்கும் தள்ளுகிறது. ஜெட்டின் குறுகிய வாயில் நீர் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைவதால், தனியாக வரும் காற்றுக்குழாயிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டு நீரோடு கலக்கிறது. தொட்டியைக் காலி செய்த பிறகும் இந்தக் குழாய்களின் தாழ்ந்த இடங்களில் சிறிது நீர் தேங்கி நிற்கும். அந்த நீரில் உள்ள சோப்பும் உடல் எண்ணெயும் தோல் செதில்களும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகி, குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்று வளர்கிறது. அடுத்த குளியலில் பம்பை இயக்கியதும் மிதந்து வரும் கறுப்பு அல்லது சாம்பல் நிறத் துணுக்குகள் அந்தப் படலத்தின் சிதறல்களே. சூடோமோனாஸ், லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இத்தகைய படலத்தில் வாழக்கூடியவை. ஜெட்கள் எழுப்பும் நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போகும் என்பதால், இதை வெறும் அழுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

தொட்டியின் அடியில் சிறு துளைகள் வழியாகக் காற்றை மட்டும் ஊதும் வகைத் தொட்டியில் நீர் சுழற்சியே இல்லை என்பதால், அதற்கு இங்கே சொல்லப்படும் முறை பொருந்தாது.

உட்குழாய்களுக்காகப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை நான்கு: வினிகர், பிளீச், டிஷ்வாஷர் தூள், ஜெட் தொட்டிகளுக்கென்றே விற்கப்படும் தூய்மைப்பொருள். எது வலிமையானது என்று கேட்பதைவிட, ஊற்றப்படும் பொருள் முதலில் எதைச் சந்தித்து எதில் செலவாகிறது என்று கேட்பது பயன் தரும். 200 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வினிகரின் பெயர் வீட்டுத் தூய்மையில் மிகப் பெரியது. இந்த வேலையில் அதன் பங்கு மிகச் சிறியது. 5 சதவீத வினிகர் அரை லிட்டரில் ஏறத்தாழ 25 கிராம் அசெட்டிக் அமிலம் உண்டு. அது முழுவதுமாக வினைபுரிந்தாலும் கரைக்கக்கூடிய சுண்ணாம்புப் படிவு சுமார் 21 கிராம்தான். ஆனால் கடினத்தன்மை மிகுந்த குழாய் நீரில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள நீர் என்றால், 200 லிட்டரில் அது 40 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். அதாவது, ஊற்றிய வினிகர் குழாயைத் தொடுவதற்கு முன்பே தொட்டி நீரிலேயே செலவாகிவிடும். எண்ணெய்ப்பசை கலந்த படலத்தின்மீது அதற்கு ஏற்கெனவே பெரிய பிடிப்பில்லை. எனவே, வினிகரைத் தொட்டி நிறைய நீரில் கலப்பதைவிட, கழற்றக்கூடிய ஜெட் முகப்புகளைத் திருகி எடுத்து, ஒரு கிண்ணத்தில் நீர் கலக்காத வினிகரில் அரை மணி நேரம் ஊறவைப்பதே அறிவார்ந்த பயன்பாடு. முகப்பில் உலோகப் பூச்சு இருந்தால் ஊறவைக்கும் நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அமிலம் பூச்சின் பளபளப்பை மங்கச் செய்யும்.

பிளீச்சின் கதையும் இதையே ஒத்தது. 5 சதவீத பிளீச் 120 மில்லிலிட்டரை அதே தொட்டியில் ஊற்றினால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் ஹைப்போகுளோரைட் கிடைக்கும். சுத்தமான பரப்பில் கிருமிகளைக் கொல்ல இது போதுமான அளவு. படலம் தடித்திருந்தாலோ, குளோரின் அதன் மேலடுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோக, உள்ளடுக்கு உயிரோடு மிஞ்சும். சில நாட்களில் துணுக்குகள் மறுபடியும் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான். அதற்காக அளவைப் பல மடங்கு கூட்டுவது தவறு. செறிந்த குளோரின் பம்பின் சீலையும் ரப்பர் வளையங்களையும் அரிக்கும். பம்புக்கு அடியில் நீர் சொட்டத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சேதம் தெரியவரும்.

டிஷ்வாஷர் தூள் வேறு வழியில் செயல்படுகிறது. அதன் காரத்தன்மை எண்ணெயையும் சோப்புக் கசடையும் இளக்குகிறது. பல தூள்களில் புரதத்தையும் மாவுப்பொருளையும் சிதைக்கும் நொதிகளும் உண்டு. இயந்திரத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதால் நுரை மிகக் குறைவு, இங்கே அதுவே தலையாய தகுதி. கையால் பாத்திரம் துலக்கும் திரவத்தை இதற்கு மாற்றாகக் கருதி ஒரு கரண்டி ஊற்றினால்கூட, காற்றோடு கலந்து வரும் நீர் சில நிமிடங்களில் தொட்டிக்கு மேல் நுரைமலை எழுப்பிவிடும். பம்புக்குள் நுரை புகுந்தால் அது நீரை இழுக்கவும் முடியாமல் திணறும்.

ஜெட் தொட்டிகளுக்கென்றே வரும் பொருட்களில், படலத்தைக் குழாயிலிருந்து பிரித்தெடுக்கும் பரப்பிழுவிசைக் குறைப்பான்களும், சிலவற்றில் நொதிகளும் உள்ளன. பல மாதங்கள் பயன்படுத்தாமல் கிடந்த தொட்டிக்கு அவையே முதல் தேர்வு. வாரம் இரண்டு மூன்று முறை பயன்படும் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவுபவருக்கு, டிஷ்வாஷர் தூளே போதும் என்பது என் கருத்து.

தூளையும் பிளீச்சையும் ஒன்றாகவே போடச் சொல்லும் கையேடுகள் உண்டு. அப்படிப் போட்டால் பிளீச் நொதிகளை அழிக்கும், அழுக்கு பிளீச்சைத் தின்னும், இரண்டும் அரைகுறையாகும். முதலில் தூள், பிறகு பிளீச் என்று பிரித்துச் செய்வதற்கு ஒரு தொட்டி நீர் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் பலன் தெளிவாகத் தெரியும்.

அந்த முறை இப்படி நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஜெட்டைவிட 5 சென்டிமீட்டர் உயரம்வரை சுடுநீர் நிரப்ப வேண்டும். 45 டிகிரி அளவு போதுமானது. இரண்டு மேசைக்கரண்டித் தூளைக் கரைத்து, காற்றுக் கட்டுப்பாட்டுக் குமிழ்களை மூடிவிட்டு, 15 நிமிடம் பம்பை இயக்க வேண்டும். பிறகு பலரும் தவறவிடும் ஒரு படி உண்டு: பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். பம்ப் ஓடும்போது காற்றுக்குழாயில் நீர் நிற்பதில்லை. நின்றதும், தடுப்பு வால்வு இல்லாத தொட்டிகளில், தொட்டியின் நீர்மட்டம்வரை அந்தக் குழாயிலும் நீர் ஏறி அங்குள்ள அழுக்கை ஊறவைக்கும். அடுத்து குமிழ்களைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டினால், ஊறிய அழுக்கு ஜெட் வழியாகத் தொட்டிக்குள் இழுக்கப்படும். தொட்டியைக் காலி செய்து, குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஓட்டி அலசிய பின், புதிய நீரில் 120 மில்லிலிட்டர் பிளீச் சேர்த்துப் பத்து நிமிடம் ஓட்டி, மீண்டும் தூய நீரால் அலச வேண்டும். அலசிய நீரில் துணுக்குகள் வராவிட்டால் வேலை முடிந்தது. வந்தால் பிளீச்சைக் கூட்டாமல் தூள் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். வினிகரில் ஊறிய முகப்புகளை நன்றாக அலசாமல் பிளீச் நீரில் பொருத்தக்கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும், அடைத்த குளியலறையில் அது ஆபத்தானது.

இவ்வளவு செய்த பிறகும் பம்ப் வழக்கத்துக்கு மாறாக இரைகிறது என்றால், ஒலியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கூழாங்கற்கள் உருள்வதுபோன்ற கடகட ஒலி, பம்புக்குப் போதிய நீர் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம், உறிஞ்சுவாயின் மூடியில் முடி சிக்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, உடனே பொருத்திவிட வேண்டும். மூடியில்லாத உறிஞ்சுவாய் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்பதால், சோதனைக்காகக்கூட அப்படி இயக்குதல் ஆகாது. தொடர்ந்த கீச்சொலி மோட்டாரின் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். கூடவே பம்புக்கு அடியில் ஈரமும் இருந்தால், கசியும் சீல்தான் பேரிங்கைக் கெடுத்திருக்க வேண்டும், ஆகவே பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண். ரீங்காரம் மட்டும் கேட்டு நீர் நகராவிட்டால், சுழலி சிக்கியிருக்கலாம் அல்லது கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மோட்டார் சூடாகும் முன் நிறுத்திவிட வேண்டும். தரையே அதிர்வது பெரும்பாலும் பம்பின் தாங்குகால் திருகுகள் தளர்ந்ததால்தான். அவற்றை இறுக்கி ரப்பர் பட்டை வைத்தால் சரியாகும்.

ஹீட்டர் பற்றிய புகார்களில் கணிசமானவை பழுதே அல்ல. ஜெட் தொட்டியில் பரவலாகப் பொருத்தப்படும் 1.5 கிலோவாட் ஹீட்டர், சூடான நீர் ஆறாமல் காப்பதற்கானது. 200 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 837 கிலோஜூல் வேண்டும். இந்த ஹீட்டர் அதைத் தர ஒன்பது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 25 டிகிரி நீரை 38 டிகிரிக்குக் கொண்டுபோக, வெப்ப இழப்பே இல்லையென்று கொண்டாலும் இரண்டு மணி நேரம் ஆகும். பழுதா இல்லையா என்று அறிய, 39 டிகிரி நீரை நிரப்பி, காற்றுக் குமிழ்களை மூடி, வெப்பமானியோடு 20 நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். வெப்பநிலை ஏறத்தாழ அப்படியே நின்றால் ஹீட்டர் நலமாக இருக்கிறது. குமிழ்களைத் திறந்ததும் மட்டும் ஆறுகிறது என்றால், உள்ளே வரும் அறைக் காற்றே வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றைக் குறைத்துக்கொள்வதே தீர்வு.

காற்று மூடியிருந்தும் ஹீட்டரே இல்லாததுபோல நீர் ஆறினால், மீண்டும் உறிஞ்சுவாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீரோட்டம் குறைந்தால் ஓட்டமறியும் சுவிட்ச் ஹீட்டருக்கு மின்சாரம் விடாது. முடி அடைத்த ஒரே மூடி கடகட ஒலியையும் ஆறிய நீரையும் சேர்த்துத் தருவது இப்படித்தான். ஓட்டம் சீராக இருந்தும் சூடு நிற்கவில்லை என்றால், மிகைவெப்பத் தடுப்பு தட்டியிருக்கலாம், அல்லது வெப்பமூட்டும் கம்பியின்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். ஹீட்டர் இயங்கத் தொடங்கும் கணத்திலேயே மின்கசிவுத் துண்டிப்பான் விழுமானால் கம்பியின் உறையில் வெடிப்பு ஏற்பட்டிருக்கக்கூடும். அந்த நிலையில் துண்டிப்பானைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல், தொட்டிக்கான மின்னிணைப்பைத் துண்டித்தே வைத்து மின்பணியாளரை அழைக்க வேண்டும்.