தைலம் வடிக்க ஒரே கொப்பரையா, தனி பாய்லரா?

கற்பூர மரம் என்று நீலகிரியில் சொல்லும் யூகலிப்டஸ் இலையில் தைலம் எடுக்க இரண்டு வழி உண்டு. இலையையும் தண்ணீரையும் ஒரே கொப்பரையில் போட்டு அடியில் தீ வைக்கலாம். அல்லது தனி பாய்லரில் தண்ணீரைக் காய்ச்சி, நீராவியை மட்டும் குழாய் வழியாக இலைக்கு அடியில் விடலாம். பாய்லரே மேல் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், ‘அதில் சூடு குறைவு, தைலம் கெடாது’ என்பது. பாய்லர் நல்லதுதான், ஆனால் காரணம் அதுவல்ல. ஆவி கிளம்பும் சூடு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தத் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். தனியாகக் காய்ச்சினால் அது கொதிக்க 176 டிகிரி வேண்டும். தண்ணீரோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குக் கீழேயே கிளம்பிவிடுகிறது. எப்படி? ஒரு திரவம் கொதிக்க, உள்ளே உண்டாகும் குமிழி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். தண்ணீர் மட்டும் இருந்தால் அந்த வேலை முழுவதும் தண்ணீர் ஆவியின் தலையில் விழும். எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பிறக்கும் குமிழிக்குள் இரண்டின் ஆவியும் நுழைகின்றன. ஒன்றில் ஒன்று கரையாததால் ஒன்றின் ஆவியழுத்தத்தை மற்றது குறைப்பதில்லை. இரண்டும் சேர்ந்து தள்ளுகின்றன.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 97 டிகிரியைத் தாண்டியதுமே தண்ணீர் ஆவி சுமார் 690 தருகிறது. மீதி 70-ஐ சினியோல் போட்டுவிடுகிறது. கணக்கு முடிந்தது, கொதிக்கத் தொடங்கிவிடும். உதகமண்டலம் 2,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே வெறும் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். தைலத்தோடு சேர்ந்தால் சுமார் 90. எண்ணெய் கொஞ்சமா நிறையவா என்பது பொருட்டல்ல, தனித்த எண்ணெயாக இருந்தால் போதும். அது தீர்ந்ததும் வெப்பமானி மெல்ல ஏறி வெறும் தண்ணீரின் கொதிநிலைக்குப் போய் நிற்கும்.

அதே 690, 70 என்ற எண்களில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏறத்தாழ 10 தண்ணீர் மூலக்கூறுக்கு 1 சினியோல் வெளியேறுகிறது. தண்ணீர் மூலக்கூறின் எடை 18, சினியோலின் எடை 154 என்பதால், எடையில் 180 பங்கு தண்ணீருக்கு 154 பங்கு சினியோல். அதாவது ஒரு கிலோ தைலத்துக்கு 1.2 கிலோ தண்ணீர் ஆவியானால் போதும். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் பல மடங்கு ஆவி செலவாகிறது, ஏனென்றால் எண்ணெய் இலைக்குள் சின்னச் சின்னப் பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. அது ஊறி மேற்பரப்புக்கு வந்தால்தான் ஆவியில் ஏற முடியும். வருவதற்குள் ஆவி காலியாகவே கடந்து போகிறது. அதனால் வெப்பமானியும் ஏட்டில் உள்ளதைவிடக் கொஞ்சம் மேலேதான் காட்டும்.

சரி, அப்படியானால் வித்தியாசம் எங்கே? கொப்பரையில் அடித்தகடுதான் பிரச்சினை. தண்ணீர் வற்றினால் இலை சூடான தகட்டில் ஒட்டிக் கருகும். அந்தப் புகை வாடை தைலத்தில் ஏறினால் போகாது. ஒவ்வொரு முறையும் கொப்பரைத் தண்ணீர் முழுவதையும் காய்ச்ச வேண்டியிருப்பதால் விறகும் கூடுதல். பாய்லரில் இலை தீயைக் காண்பதே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: இலையைச் சீராக அமுக்காவிட்டால் ஆவி இளகிய இடத்தில் வழி கண்டுபிடித்து நேரே மேலே போய்விடும். வடித்து முடித்துக் கொட்டும்போது, வெந்து பழுப்பான இலைக்கு நடுவே பச்சை மாறாத கட்டி தெரிந்தால் அங்கே ஆவி போகவில்லை என்று அர்த்தம்.

யூகலிப்டஸுக்கு என் ஓட்டு பாய்லருக்கே, விறகுக்காகவும் கருகலுக்காகவும். தண்ணீரில் கொதிப்பதால் சினியோல் கெடுவதில்லை. அதைச் சொல்லிக் கொப்பரையைத் திட்ட வேண்டாம். லாவெண்டர் கதை வேறு. அதன் மணத்துக்குக் காரணமான லினலைல் அசிடேட் கொதிநீரில் கிடந்தால் உடைந்து, லினலூலும் அசிட்டிக் அமிலமுமாகப் பிரியும். அங்கே நீராவிதான் சரி. ரோஜாவில் தலைகீழ்: நீராவி பட்டால் இதழ்கள் ஒட்டி அடையாகிவிடும், ஆவி புகாது. தண்ணீரில் மிதந்து சுழன்றால்தான் ஒவ்வொரு இதழும் வேகும். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து ஊரான கன்னோஜில் இன்றும் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடுதான் ரோஜாவை வடிக்கிறார்கள்.

பாய்லர் வாங்கப் பணமில்லை என்றால் கொப்பரைக்குள் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே துளையிட்ட தட்டு வைத்து, இலையை அதன்மேல் அடுக்கலாம். இட்லிப் பாத்திரம் போலத்தான். தண்ணீர் பொங்கித் தட்டைத் தொடாமலும், வற்றிவிடாமலும் பார்த்துக்கொண்டால் கருகல் பாதியல்ல, முழுதுமே போய்விடும்.