பெயர் காலியாக இருக்கிறதா? டிரேட்மார்க் தேடலில் என் ஐந்து ஆண்டு அனுபவம்

தொழிற்சாலையில் செய்ய வைத்து என் பெயரில் விற்ற முதல் பிரைவேட் லேபிள் பொருள் யோகா மேட். அதற்கு நான் வைத்த பெயர் Kwilzo. இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள் எல்லாமே மாற்றப்பட்டவை. ஆனால் எழுத்துகள் எந்த இடத்தில் முட்டிக்கொண்டனவோ, அதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

முதல் லாட் 600 மேட். ஒவ்வொன்றின் மூலையிலும் பெயரைச் சூட்டு அச்சால் அழுத்திப் பதிக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டிக்கராக இருந்திருந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டியிருக்கலாம். விற்பனை தொடங்கிப் பதினோராவது வாரம், ஒரு காலையில் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் என் லிஸ்டிங் காணாமல் போயிருந்தது. வந்திருந்த மின்னஞ்சலில் இரண்டே தகவல்கள் இருந்தன: ஒரு டிரேட்மார்க் பதிவு எண், Quilso என்ற பெயர். அந்தப் பெயரை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தேடாமல் இறங்கியவன் அல்ல நான். டொமைன் காலியாக இருந்தது. சமூக ஊடகங்களில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. அரசுப் பதிவேட்டிலும் Kwilzo என்று அடித்து, விளையாட்டுப் பொருட்களுக்கான 28ஆம் வகுப்பில் தேடியிருந்தேன். முடிவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் ஆர்டர் போட்டேன். அதற்குள் இரண்டு தவறுகள் ஒளிந்திருந்தன.

முதல் தவறு, எழுத்தைத் தேடியது. பெயர்கள் மோதுவது எழுத்தில் மட்டும் இல்லை. வாங்குபவர் காதில் ஒன்றுபோல ஒலித்தாலோ, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலோ, ஒரே அர்த்தத்தைத் தந்தாலோ அது மோதல்தான். விற்கும் பொருளும் நெருங்கியதாக இருந்தால் குழப்பம் வரும் வாய்ப்பு இருக்கிறது என்று பதிவாளர் முடிவு செய்வார். Kwilzo, Quilso இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே தமிழ் எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டையும் தமிழில் எழுதினால் ‘குவில்சோ’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. அன்றிலிருந்து எந்தப் பெயரையும் முதலில் தமிழில் எழுதிவிட்டு, அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கோவை எழுதலாம் என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கிறேன். நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் பல ஒலிகளைத் தாங்குவதால் வலை தேவைக்கு மேல் பெரிதாகவே விழும். B, P இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சம்பந்தமில்லாத பெயர்களும் சிக்கும். தேடலின் முதல் கட்டத்தில் அது நல்லதுதான். சிக்கியதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம், வலையில் விழாததை நம்மால் பார்க்கவே முடியாது.

இரண்டாவது தவறு, வகுப்பு. டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். யோகா விளையாட்டு சார்ந்தது, ஆகவே 28 என்று நானாக நினைத்துக்கொண்டேன். யோகா மேட் இருப்பது 27இல், தரைவிரிப்புகளோடு. உடற்பயிற்சிக்கான ரெசிஸ்டன்ஸ் பேண்டுதான் 28. Quilso பதிவாகியிருந்தது 27இல். சரியான எழுத்தில் தேடியிருந்தாலும் 28க்குள் அது கிடைத்திருக்காது.

வகுப்பு எண்ணை வேலியாக நினைப்பதும் ஆபத்து. ஒரே வகுப்பில் இருப்பதாலேயே இரண்டு பொருட்கள் ஒத்தவை என்றோ, வேறு வகுப்பில் இருப்பதாலேயே ஒத்தவை அல்ல என்றோ கொள்ளக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்ட ஒப்பந்தமே சொல்கிறது. ஒரே கடையில், ஒரே ஆள், ஒரே பயன்பாட்டுக்காக வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. அதனால் மேட் விற்கும் நான் 27, 28 இரண்டையும், உடைகளுக்கான 25, பைகளுக்கான 18, சில்லறை விற்பனைச் சேவைக்கான 35 ஆகியவற்றையும் பார்க்கிறேன்.

இனி கருவிகள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் Global Brand Database தளத்தைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். இலவசம், பல நாட்டுப் பதிவேடுகள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒலி ஒற்றுமையிலும், எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் முறையிலும் தேட வழி உண்டு. இந்த இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள், ஒன்றில் வராதது மற்றதில் வரும். லோகோவின் படத்தை ஏற்றித் தேடவும் முடியும். குறை ஒன்று உண்டு: எல்லா நாடுகளும் இதில் இல்லை, இருக்கும் நாடுகளின் தரவும் ஒரே வேகத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. விற்கப்போகும் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாது. ஐரோப்பியப் பக்கம் விற்பவர்களுக்கு TMview என்ற தேடல் தளம் இன்னும் வசதி. நான் இரண்டிலும் தேடிவிட்டு, கடைசியாக அந்தந்த நாட்டின் சொந்தப் பதிவேட்டில் போய் உறுதி செய்கிறேன்.

அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தின் பழைய தேடல் தளமான TESS 2023 நவம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய தேடலில் எனக்குப் பிடித்தது, எழுத்து மாற்றங்களை ஒரே வரியில் கொடுத்துவிடலாம் என்பது. Kwilzoவுக்கு நான் அன்றே அடித்திருக்க வேண்டியது இது:

```
CM:/(kw|qu|cw)[iey]+l+[sz]+o.*/ AND LD:true
```

CM என்பது பெயர். அடைப்புக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடிய எழுத்துகள். LD:true என்பது உயிரோடு இருக்கும் பதிவுகளையும் விண்ணப்பங்களையும் மட்டும் காட்டும். வகுப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முடிவுகள் நூற்றுக்கணக்கில் வந்தால் மட்டும் வகுப்பால் சுருக்குங்கள். முதலிலேயே சுருக்கினால் நான் விழுந்த குழியில்தான் விழுவீர்கள்.

‘உயிரோடு இருப்பவை’ என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டாவது முறை பெயர் தேடியபோது எனக்கு மிகவும் பிடித்தது Nerlipa. அதே ஒலியில் Nerlippa என்று ஒரு பதிவு, 28இல், உடற்பயிற்சிக் கருவிகளுக்கு. நிலை: காலாவதி. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு தேதியைப் பார்த்தேன். பத்தாண்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதுப்பிப்புக் கட்டணத்தைத் தவறவிட்டவர்களுக்குக் குறைந்தது ஆறு மாதச் சலுகைக்காலம் தர வேண்டும் என்பது டிரேட்மார்க் போன்ற உரிமைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் இருக்கிறது. பெயரைத் தொடாமல் காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அதே பக்கம் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று மாறியிருந்தது. காலாவதியான பதிவைக் கண்டால் முடிந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிறகும், அந்தப் பெயரில் இன்னும் யாராவது விற்கிறார்களா என்று பாருங்கள். பதிவு போனாலும், பயன்பாட்டால் வந்த உரிமையைப் பல நாடுகள் மதிக்கின்றன.

Nerlipaவைக் கைவிட்டுத் தேர்ந்தெடுத்த பெயரை ஒரு டிரேட்மார்க் வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். என் தாள்களைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் புதிது.

“இதை எல்லாம் எந்தத் தேதியில பாத்தீங்க?”

“போன வாரம், மேடம்.”

“அப்ப போன வாரம் வரைக்கும் பதிவேட்டுல ஏறினது மட்டும்தான் உங்க கண்ணுல பட்டிருக்கு. வேற நாட்டுல ஒருத்தர் மூணு மாசம் முன்னாடியே போட்டிருந்தா, இங்க அவர் நாளைக்குப் போட்டாலும் உங்களுக்கு முன்னாடி நிப்பாரு.”

முன்னுரிமைத் தேதி என்பது இதுதான். பாரிஸ் உடன்படிக்கை நாடுகளில் ஒன்றில் விண்ணப்பித்தவர், ஆறு மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்து, முதல் விண்ணப்பத்தின் தேதியையே கோரலாம். ஆக, இன்றைய தேடல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன்மேல் ஆறு மாத நிழல் விழுந்திருக்கிறது. உலகளாவிய தளங்களில் தேடினால் நிழல் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அந்த முதல் விண்ணப்பம் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு. முழுதாக நீங்காது.

வழக்கறிஞர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். நான் வைத்திருந்த பெயருக்கு நெருக்கமான பெயரில், பதிவே செய்யாமல் ஒருவர் ஃபோம் ரோலர் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மிகப் பழைய வாடிக்கையாளர் விமர்சனம் ஆறு ஆண்டுக்கு முந்தையது. பதிவேட்டில் தேடும் எந்தக் கருவியிலும் இது வராது. விற்பனைத் தளங்களின் தேடல் பெட்டியில் பெயரையும் பொருளின் வகையையும் சேர்த்து அடித்து, எழுத்து மாற்றங்களோடு பல பக்கங்கள் வரை போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெயரையும் விட்டேன். மனசு வலித்தது, உண்மைதான். ஆனால் 600 மேட்டைக் கிடங்கில் அடுக்கி வைத்து நாள்தோறும் பார்த்தவனுக்கு, தாளில் ஒரு பெயரை அடிப்பது பெரிய வலி இல்லை.

மூன்றாவது பெயரைத்தான் இன்று பயன்படுத்துகிறேன். தயாரிப்பு நடக்கும் நாட்டின் பதிவேட்டையும் சேர்த்துத் தேடினேன். சீனாபோல முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை தரும் நாட்டில் அந்தப் பெயரை வேறொருவர் பதிந்து, சுங்கத்திலும் பதிவு செய்துவைத்திருந்தால், சரக்கு துறைமுகத்திலேயே நிறுத்தப்படலாம். எல்லாம் சுத்தமாக இருந்ததும், ஆர்டர் போடுவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டேன்.

இந்தப் பெயரில் வந்த முதல் லாட்டில் மேட்டின்மேல் எதையும் பதிக்கச் சொல்லவில்லை. சுற்றி ஒரு காகிதப் பட்டை, அதில் மட்டும் பெயர். விண்ணப்பத் தேதியிலிருந்து ஆறு மாதமும், பதிவேடு புதுப்பிக்கப்பட இன்னும் ஆறு வாரமும் கழித்து, பழைய தாளை எடுத்து அதே எழுத்துக்கோவைகளை அதே வகுப்புகளில் மறுபடி ஓட்டினேன். புதிதாக ஒரே ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. ஒலி ஓரளவு நெருக்கம்தான், ஆனால் கணக்கு மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பு, முன்னுரிமைத் தேதியும் என் தேதிக்குப் பின். அதை வழக்கறிஞருக்கு அனுப்பினேன். “இதுக்குப் பயப்பட வேண்டாம்” என்று பதில் வந்த அன்று மாலை, சூட்டு அச்சுக்கான அச்சுக்கட்டையைச் செய்யத் தொழிற்சாலைக்குச் சொன்னேன்.