மடங்கிய கால்விரல்களுக்கு ஷூ: அகலத்தைவிட உயரமே முக்கியம்

விரல்கள் மடங்கியே நிற்கும் ஹேமர் டோ, கிளா டோ உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாகவோ, அகலமாகவோ ஷூ வாங்குகிறார்கள். சில மாதங்களில் விரல் கணுவின் மேல் கால் ஆணி வந்துவிடுகிறது. மடங்கிய விரல் மேல்நோக்கித்தான் இடம் கேட்கும். நீளம் கூடினால் குதிகால் நழுவும், பாதம் முன்னே சறுக்கும், ஷூவைப் பிடித்துக்கொள்ள விரல்கள் இன்னும் மடங்கும்.

வாங்குமுன் அளந்துவிடுங்கள். வெறுங்காலில், எடை முழுவதும் காலில் இருக்க நின்று, மிக உயர்ந்த கணுவின் மேல் ஓர் அட்டையைத் தரைக்கு இணையாகப் பிடித்து, தரையிலிருந்து அதன் உயரத்தை ஸ்கேலில் பாருங்கள். உட்கார்ந்து அளந்தால் அளவு மாறிவிடும்.

27 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸுக்கு 1 மி.மீ. சேர்த்தால் 28. அந்த இடத்தில் ஷூவின் உள்ளுயரம் 25 என்றால் உரசல் நிச்சயம். அதன் 6 மி.மீ. இன்சோலைக் கழற்றி 2 மி.மீ. இன்சோல் போட்டால் உள்ளுயரம் 29 ஆகும், கணு தப்பிக்கும். 'எக்ஸ்ட்ரா டெப்த்' ஷூக்களில் கழற்றக்கூடிய இன்சோல் இருப்பதன் பயன் இதுதான். ஆனால் குதிகாலும் 4 மி.மீ. இறங்கும். கணுக்கால் எலும்பில் ஷூவின் விளிம்பு இடிக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது மேல்துணி. வெளியே தையலே தெரியாத பின்னல் ஷூக்களிலும் உள்ளே ஒட்டிய பட்டை, முனையில் கெட்டியான தொப்பி இருக்கலாம். கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் மேற்புறத்தைத் தடவினால் தெரிந்துவிடும். பிறகு ஷூவை மடக்கிப் பாருங்கள். மடிப்பு விழும் கோடு கணுவின் மேல் வந்தால், எவ்வளவு மென்மையான துணியானாலும் ஒவ்வோர் அடியிலும் அழுத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல ஷூவைக்கூடத் தவிர்க்கலாம். லேஸ் அல்லது வெல்க்ரோ இருப்பது அவசியம். செருகிக்கொள்ளும் ஷூ பாதத்தைப் பிடிக்காது.

நீண்ட நாள் பயன்பாட்டில் பின்னல் துணி கணுவின் வடிவத்துக்குப் புடைத்துக்கொள்ளும். அது நல்லதே. கெடுதல் உள்துணியில் தொடங்கும்: கணு உரசி ஓட்டை விழுந்து, அதன் விளிம்பு சுருண்டு புதிய தையல்போல் உறுத்தும். இன்சோல் நுரையும் அமுங்கும். அப்போது மேலே இடம் கூடினாலும், கிளா டோவில் கீழ்நோக்கி ஊன்றும் விரல் நுனிகள் கெட்டித் தரையில் படும். கணு சுகமாக இருக்க நுனியில் காய்ப்பு வருகிறதென்றால் இன்சோலை மாற்றும் நேரம். விரலடியில் ஜெல் மெத்தை வைத்தால் நுனி தப்பும், ஆனால் கணு உயரும். மறுபடி அளந்துதான் வைக்க வேண்டும்.

கையால் நீட்டினால் நிமிரும் விரலுக்கும், விறைத்துப்போன விரலுக்கும் ஷூ இடம் தரும், இரண்டையும் நிமிர்த்தாது. சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் வலியை நம்பக் கூடாது. புது ஷூவை முதலில் அரை மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றிய பின் கணுக்களைப் பார்க்க வேண்டும். அரை மணிக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த ஷூ வேண்டாம்.