வாசகர் தேடியும் கிடைக்காத தலைப்புகள்: அனலிடிக்ஸில் பார்ப்பதா, தளத்திலேயே குறித்துவைப்பதா?

வேர்ட்பிரஸில் ஓடும் ஒரு தமிழ்ச் சமையல் தளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தேடல் பெட்டியில் தட்டிப் பார்த்து எதுவும் கிடைக்காமல் போகிறவர்கள் எதைக் கேட்டார்கள் என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கூகுள் அனலிடிக்ஸ் 4. மற்றது, `Search Meter` போல தேடல்களைத் தளத்திலேயே குறித்துவைக்கும் ப்ளகின்.

அனலிடிக்ஸில் வேலை குறைவு. முகவரியில் `?s=` வந்தால் `view_search_results` என்ற நிகழ்வு தானாகப் பதிவாகும், தேடிய சொல் `search_term`-இல் இருக்கும். ஆனால் எத்தனை முடிவுகள் வந்தன என்பது அதில் இல்லை. கைகொடுத்த 'பிரியாணி'யும் கைவிட்ட 'வரகு பொங்கலு'ம் ஒரே பட்டியலில் நிற்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் தேடல் பெரும்பாலும் வந்தே சேராது.

ப்ளகின் ஒவ்வொரு தேடலுக்கும் பக்கத்தில் முடிவுகளின் எண்ணிக்கையை எழுதுகிறது. பூஜ்யம் வந்தவை தனிப் பட்டியலாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது இதுதான் என்பதால் என் முதல் தேர்வு ப்ளகின்.

ஆனால் பூஜ்யப் பட்டியலை அப்படியே எழுதவேண்டிய பட்டியலாக எடுக்கக் கூடாது. அதில் 'வரகு பொங்கல்', 'kollu rasam', 'கொள்ளு ரசம்' மூன்றும் இருக்கின்றன, கொள்ளு ரசக் குறிப்போ ஏற்கெனவே தளத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 'kollu rasam' தோற்றதற்குக் காரணம், வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ளடக்கத்திலும் அதே எழுத்துகளைத்தான் தேடும். சுருக்கத்தில் அந்த ஆங்கில எழுத்து வடிவத்தைச் சேர்த்தால் போதும். தமிழில் தட்டியதும் தோற்றது ஏன்? 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் U+0BCA என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்ற இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு வேறாகிவிடலாம். பட்டியலில் உள்ள சொல்லை நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள், அப்புறம் நீங்களே தட்டித் தேடுங்கள். முடிவு மாறினால் சிக்கல் குறியீட்டில் இருக்கிறது. கட்டுரைகளையும் தேடலுக்கு வரும் சொல்லையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்தெழுதும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றினால் சரியாகும். ஆக, புதிதாக எழுத வேண்டியது வரகு பொங்கல் மட்டும்தான்.

ப்ளகின் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 'ஏர் ஃப்ரையர்' என்ற சொல் நான்கு குறிப்புகளில் போகிற போக்கில் வந்திருந்தால், நான்கு முடிவுகள் கிடைத்ததாக அது எழுதிவிடும். வாசகருக்கு வேண்டியது அவற்றில் இருக்காது. இங்கே அனலிடிக்ஸ்தான் உதவும். தேடலுக்குப் பின் அவர் ஒரு குறிப்பைத் திறந்தாரா, வேறு சொல்லைத் தட்டினாரா, கிளம்பிவிட்டாரா என்று அதன் பாதை அலசலில் பார்க்கலாம். பழைய அனலிடிக்ஸில் தேடலோடு வெளியேறியவர்களின் விழுக்காடு ஆயத்தமாகவே கிடைத்தது, இப்போது நாமே கட்டிக்கொள்ள வேண்டும். வருகை குறைந்த தளங்களில் சில வரிகள் மறைக்கப்படவும் செய்யும். அதனால் ப்ளகின் பட்டியலை மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு, முடிவுகள் இருந்தும் அடிக்கடி வரும் சொற்களை மட்டும் அனலிடிக்ஸில் சோதித்தால் போதும்.