பூஜ்ஜியமா, 340-ஆ, 472-ஆ: கட்டுரைக்கு எந்த எண்ணை எடுப்பது?

குரூப் 1 மெயின்ஸ் கட்டுரைக்குத் தயாரானபோது மலக்குழி மரணங்கள் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. கையில் மூன்று எண்கள் இருந்தன. 2021 பிப்ரவரியில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் மக்களவையில் சொன்னது: 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் மரணம். அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னது: கையால் மலம் அள்ளும் பணியால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் இயக்கமான பெஜவாடா வில்சனின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் சொன்னது: 2016 முதல் 2020 வரை 472 மரணங்கள்.

நான் 340-ஐ எடுத்தேன். ‘அரசு என்றால் குறைத்துச் சொல்லும், இயக்கம் என்றால் கூட்டிச் சொல்லும், நடுவில் இருப்பதை எடு’ என்ற கணக்கில் எடுக்கவில்லை. நடுவில் இருப்பதாலேயே ஒரு எண் சரியாகிவிடாது.

முதலில் பூஜ்ஜியத்தை முடித்துவிடலாம். அது பொய்யா என்றால், சட்டத்தின் சொற்படி பார்த்தால் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. சுகாதாரமற்ற கழிப்பிடத்திலிருந்தோ, அதன் மலம் போய்ச் சேரும் திறந்த சாக்கடை, குழியிலிருந்தோ, தண்டவாளத்திலிருந்தோ கையால் மலம் அள்ளுபவர் ஒரு வகை. பாதாளச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கப்படுவது ‘அபாயகரமான சுத்தம் செய்தல்’ என்ற இன்னொரு வகை. விஷவாயு தாக்கிச் சாவது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான். ஜூலையில் முதல் வகையைப் பற்றிக் கேட்டார்கள், பூஜ்ஜியம் வந்தது. பிப்ரவரியில் வந்த 340 இரண்டாவது வகைக்கான எண். ஆகவே நாடாளுமன்றப் பதிலை எடுத்தால் பதிலுக்கு முன்னால் கேள்வியைப் படிக்க வேண்டும். செய்தித் தலைப்பில் கேள்வி இருக்காது. ‘ஐந்தாண்டுகளில் ஒரு மரணமும் இல்லை’ என்று யாராவது கட்டுரையில் எழுதினால், அவர் தலைப்பை மட்டும் பார்த்திருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். சட்ட வரையறை எவ்வளவு குறுகலானது என்று காட்ட வேண்டுமானால் பூஜ்ஜியம் உதவும். வேறு எதற்கும் உதவாது.

மிச்சம் 340-ம் 472-ம். காலம் ஒன்றுதான், பொருளும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: ஒரு மரணம் இந்தக் கணக்குக்குள் எந்த வழியாக நுழைகிறது?

அரசுக் கணக்குக்குள் நுழைவது லேசில்லை. முதலில் போலீஸில் வழக்கு பதிவாக வேண்டும். அதுவும் ‘சந்தேக மரணம்’ என்றோ ‘அஜாக்கிரதையால் மரணம்’ என்றோ மட்டும் நின்றுவிடாமல், சாக்கடை வேலையில் நடந்த மரணம் என்று மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும். மாநில அரசு அதை மேலே அனுப்ப வேண்டும். ஒரு தனியார் வீட்டு செப்டிக் டேங்கில் இறங்கியவர் செத்து, ஒப்பந்தக்காரர் குடும்பத்தின் கையில் ஒரு தொகையைக் கொடுத்துப் பேசி முடித்துவிட்டால், அந்த மரணம் இந்தப் படிகளில் எங்கேயாவது நின்றுபோகும்.

இதோடு பணமும் சேர்கிறது. 1993 முதல் சாக்கடை வேலையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. (அந்த வழக்கைப் போட்டதே சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்தான். 2023-இல் வேறொரு வழக்கில் இந்தத் தொகை முப்பது லட்சமானது.) ஆக, ஒரு மரணத்தை ஒப்புக்கொண்டால் அரசுக்குச் செலவு, அதோடு தடைச் சட்டம் வேலை செய்யவில்லை என்ற கெட்ட பெயர். எண்ணைக் கூட்டிச் சொல்ல அரசுக்கு ஒரு காரணமும் கிடையாது, குறைக்கத்தான் காரணங்கள் உண்டு. அப்படிப்பட்ட தரப்பே 340 என்று சொன்னால், உண்மை அதற்குக் கீழே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தனக்குப் பாதகமானதை ஒருவர் தானே ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி எடை உண்டல்லவா, அந்த எடைதான் இதற்கும். எதிர்க்கருத்து உள்ளவர்கூட ‘இது இயக்கக்காரர்கள் கட்டியது’ என்று தள்ள முடியாது.

ஆனால் இதே காரணத்தால் 340 ஒரு தரைமட்டம் மட்டும்தான். ‘குறைந்தது’ என்ற சொல் இல்லாமல் அதை எழுதக் கூடாது. எண் நகரவும் செய்யும். 2019-க்கு மட்டும் 110 மரணங்கள் என்று 2020 தொடக்கத்தில் பதில் சொன்னார்கள். பிறகு வந்த பதில்களில் அதே ஆண்டுக்கான எண் கூடியிருந்தது, தாமதமாக ஏற்கப்பட்டவை சேரும் அல்லவா. அதனால் எந்தத் தேதியில் சொன்ன எண் என்பதைக் கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும்.

மாநிலவாரிப் பட்டியலில் இன்னும் கவனம் தேவை. அந்த 340-இல் உத்தரப் பிரதேசம் 52, தமிழ்நாடு 43, டெல்லி 36. இதை வைத்து ‘தமிழ்நாடு இரண்டாவது மோசமான மாநிலம்’ என்று எழுத எனக்குக் கை வராது. பாதாளச் சாக்கடை அதிகம் உள்ள மாநிலத்தில் எண் கூடும், வழக்கு போட்டு இழப்பீடு கேட்க ஆள் இருக்கும் மாநிலத்திலும் கூடும். எண்ணவே செய்யாத மாநிலம் பட்டியலில் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

472 பக்கம் வருவோம். களத்தில் இருப்பவர்கள் திரட்டியது. மாவட்ட அலுவலகத்தில் நின்றுபோன மரணங்களும் அதில் வர வாய்ப்பு உண்டு. நிஜத்துக்கு அருகில் இருப்பது இதுதான் என்பது என் ஊகம். பொதுவாக இயக்கங்களின் எண்களில் நான் பார்ப்பது, அது பட்டியலா மதிப்பீடா என்பதை. பெயர், ஊர், தேதி என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்தது என்றால் யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். ஒரு சில ஊர்களில் கேட்டுவிட்டு நாடு முழுக்கப் பெருக்கியது என்றால் தேர்வுக் கட்டுரையில் தொடவே மாட்டேன். 472 ஒவ்வொன்றாகப் பதிவு செய்த மரணங்களின் எண்ணிக்கை என்று அந்த இயக்கம் சொல்கிறது, அது அதற்குப் பலம். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கிச் செத்தவரையும் சேர்ப்பதா என்பது போன்ற விஷயங்களில் இரு தரப்பும் ஒரே விதியைப் பின்பற்றினால்தான் 132 என்ற வித்தியாசம் முழுவதையும் அரசு மறைத்தது என்று சொல்ல முடியும். அதனால் அந்தக் கழித்தலை நான் கட்டுரையில் போடவில்லை.

கடைசியில் எழுதியது இப்படி: ‘2020 இறுதி வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கி குறைந்தது 340 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே 2021 பிப்ரவரியில் மக்களவையில் ஒப்புக்கொண்டது; சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் பதிவு செய்தது 472.’ வாதத்தை 340-இன் மேல்தான் கட்டினேன். 472-ஐ எடுத்துவிட்டாலும் பத்தி நிற்கும்.

தேர்வுக் கட்டுரைக்கு இது போதும். இதே விஷயத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையோ இழப்பீடு கேட்கும் மனுவோ எழுதுபவருக்கு என் தேர்வு பொருந்தாமல் போகலாம். அங்கே விடுபட்டவர்கள்தான் முக்கியம், அதற்கு இயக்கத்தின் பட்டியலை வாங்கிப் பெயர் பெயராக முதல் தகவல் அறிக்கையோடு ஒப்பிட்டாக வேண்டும்.